மைதானத்துக் கூட்டமும் மளிகைக்கடை அலமாரியும்: உள்ளூர்ப் போட்டிக்கு ஸ்பான்சர் செய்யுமுன் போட வேண்டிய கணக்கு

தை பிறந்து மழை ஓய்ந்ததும் நீலகிரியில் மைதானங்கள் காயத் தொடங்கும். ஊருக்கு ஊர் கால்பந்து, கிரிக்கெட், கைப்பந்து என்று போட்டிகள் வரும். கூடவே ரசீதுப் புத்தகத்தோடு கமிட்டிக்காரர்களும் வருவார்கள். "பேனர்ல உங்க பேர் பெருசா வரும், ஐயாயிரம் பேர் பார்ப்பாங்க" என்பார்கள். சிறு நிறுவனம் நடத்துபவர் அந்த நேரத்தில் முகத்துக்காக ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். அது திரும்பி வந்ததா என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க முடியும். அதற்கு ஒரு மாலை நேரமும், ஒரு நோட்டும், மைதானத்துக்கு ஒரு நடையும் போதும். எப்படி என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை முழுதாக எடுத்துப் பார்ப்போம். குன்னூரில் டீத்தூள் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு சிறு நிறுவனம். கோத்தகிரிப் பக்கம் நான்கு வார இறுதிகளில் எட்டு நாள் நடக்கும் கால்பந்துப் போட்டி. ஹட்டி எனப்படும் சுற்றுவட்டப் படுகர் ஊர்களிலிருந்து 16 அணிகள். துணை ஸ்பான்சராக இருக்கக் கமிட்டி கேட்பது 40,000 ரூபாய். இந்த நிறுவனமும் போட்டியும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. இதில் வரும் விலைகளை எடுத்துவிட்டு உங்கள் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: அங்கே நிற்பவர் உங்கள் பொருளை வாங்குபவரா?

மலையில் வியாபாரம் இரண்டு வகை. ஒன்று, வந்து போகிறவர்களை நம்பியது: ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், தங்கும் விடுதி. மற்றது, இங்கேயே இருப்பவர்களை நம்பியது: டீத்தூள், மளிகை, உரம், ஹார்டுவேர், டியூஷன் சென்டர். ஹட்டி மைதானத்தில் நிற்பது இரண்டாவது வகைக் கூட்டம். சாக்லேட் கடைக்காரர் அங்கே பணம் போட்டால் அவருடைய வாடிக்கையாளர் ஒருவர்கூட அந்த பேனரைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கு மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சியோ, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சியோதான் பொருந்தும். அதே போல உள்ளூர் உரக்கடைக்கு மலர்க் கண்காட்சிக் கூட்டத்தால் பயனில்லை.

நம் டீத்தூள் நிறுவனம் பெட்டிக்கடை, மளிகைக்கடை வழியாக உள்ளூர் வீடுகளுக்கு விற்கிறது. ஆகவே இந்தக் கேள்வியில் தேறிவிட்டது. ஆனால் பாதிதான். மைதான ஓரம் நின்று விசில் அடிக்கும் இளைஞர் டீ குடிக்கிறார். வீட்டுக்கு எந்தத் தூள் வாங்குவது என்பதை அவர் அம்மாவோ மனைவியோ முடிவு செய்கிறார். இந்த இடைவெளியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு பாக்கெட்டில் கையில் நிற்பது எவ்வளவு?

பலர் தவறுவது இங்கேதான். "நாற்பதாயிரம் செலவு, நாற்பதாயிரத்துக்கு விற்றால் போதும்" என்று நினைக்கிறார்கள். விற்ற பணம் முழுவதும் உங்களுடையது அல்ல. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்தப் பாக்கெட்டுக்காகவே ஆன செலவைக் கழித்தபின் நிற்கும் தொகைதான் ஸ்பான்சர் செலவை அடைக்கும்.

நம் நிறுவனம் கால் கிலோ பாக்கெட்டைக் கடைக்கு 60 ரூபாய்க்குக் கொடுக்கிறது என்று கொள்வோம், ஜி.எஸ்.டி. நீங்கலாக. உள்ளே இருக்கும் தூளுக்கு 33 ரூபாய், உறைக்கு 4, கலந்து பாக்கெட் போடும் கூலி 5, கடை கடையாகச் சரக்கு போடும் லைன் வண்டிச் செலவு 2. ஆக 44. கையில் நிற்பது 16 ரூபாய். குடோன் வாடகை, கணக்குப்பிள்ளை சம்பளம் இதில் வரக் கூடாது. கூடுதலாக நூறு பாக்கெட் விற்றாலும் அவை ஏறப் போவதில்லை. தூள் விலை மட்டும் குன்னூர் ஏலத்தில் வாரா வாரம் மாறும். போன வருடம் வாங்கிய விலையைப் போடாமல், இப்போது சரக்கு எடுத்தால் என்ன விலையோ அதையே போடுங்கள். கிலோவுக்கு 16 ரூபாய் ஏறினால் கால் கிலோ பாக்கெட்டில் 4 ரூபாய் போய்விடும். கையில் நிற்பதில் கால் பங்கு காலி.

உண்மையான செலவு 40,000 அல்ல

பேனரில் பெயர் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் எதுவும் விற்காது. பெயரைப் பார்த்தவர் பொருளைச் சுவைக்க வேண்டும், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கான செலவும் ஸ்பான்சர் செலவுதான். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி வருகிறது.

நான்கு துணி பேனர்களுக்கு 5,000 ரூபாய். மெல்லிய பி.வி.சி. பேனருக்குத் தடை இருக்கிறது, நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி மற்ற மாவட்டங்களைவிட அதிகம். ஆகவே துணிதான். பேனரை மைதானத்துக்குள் மட்டும் கட்டுங்கள்; சாலையோரம் கட்ட அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் கட்டினால் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கடையில் கொடுத்தால் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் குறையும் கூப்பன் அச்சிட 1,500.

மைதானத்தில் இலவச டீ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் பெரும்பாலும் இங்கேதான் கிழிகிறது. ஒரு நாளுக்கு 200 டம்ளர் என்றால் எட்டு நாளுக்கு 1,600. ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம் தூள் வீதம் 4 கிலோ. உங்களுக்கு அடக்க விலையில் 530 ரூபாய்தான். தூள் செலவு இவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்த்து "டீதானே" என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் டம்ளருக்கு 50 மில்லி வீதம் 80 லிட்டர் பால் வேண்டும், அது 4,000 ரூபாய். சர்க்கரை 13 கிலோ, 600. கேஸ், 1,100 அளவில். இரண்டு ஆள், நாளுக்கு 600 வீதம் எட்டு நாள், 9,600. பாத்திரமும் ஆளும் ஏற்றிப் போக ஜீப், 4,000. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20,000.

இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்கலாம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது. ஸ்டீல் டம்ளரில் கொடுத்து, வாங்கி, வெந்நீரில் கழுவி மறுபடி கொடுக்க வேண்டும். இடைவேளைப் பத்து நிமிடத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒரே ஆள் ஊற்றவும் கழுவவும் நின்றால் வரிசை நீளும், இரண்டாவது பாதி தொடங்கும், பாதிப் பேர் டீ குடிக்காமலே திரும்பிவிடுவார்கள். அறுபது டம்ளருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டினால் 40,000 + 5,000 + 1,500 + 20,000 = 66,500 ரூபாய்.

வரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் நிறுவனம் கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்து, நடத்துபவர்கள் கம்பெனியாக இல்லாத ஒரு கிளப்போ கமிட்டியோ என்றால், ஸ்பான்சர் தொகை மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்களே கட்ட வேண்டும். 40,000-க்கு அது 7,200. சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருந்தால் அது முழுச் செலவு. தனி உரிமையாளராக இருப்பவருக்கு இந்தச் சுமை இல்லை. மேலும் 10,000 ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் ஒருவருக்கே ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். வங்கி வழியாகவே கொடுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஐயாயிரம் பேர் என்பது எத்தனை வீடு?

66,500 ரூபாயை 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,160 பாக்கெட். இத்தனையும் கூடுதலாக விற்க வேண்டும். முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ள, கமிட்டி சொல்லும் தலைக்கணக்கை வீட்டுக்கணக்காக மாற்ற வேண்டும்.

முந்தைய போட்டி ஒன்றுக்கோ, இதே போட்டியின் முதல் ஞாயிற்றுக்கோ நேரில் போங்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன், நான்கு பக்கமும் நிற்பவர்களைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். இன்னொரு நல்ல சாட்சி மைதான ஓரத்தில் வழக்கமாக டீ போடுபவர். "எவ்வளவு கூட்டம்?" என்று கேட்டால் அவரும் ஆயிரக்கணக்கில்தான் சொல்வார். "ஞாயித்துக்கிழமை எத்தன லிட்டர் பாலுங்க வாங்குறீங்க?" என்று கேளுங்கள். பத்து லிட்டர் என்றால் இருநூறு டீ. மலைக் குளிரில் மைதானத்துக்கு வந்தவரில் பாதிப் பேராவது ஒரு டீ குடிப்பார்கள் என்று வைத்தால் நானூறு சொச்சம் பேர். உங்கள் எண்ணிக்கையும் இதுவும் அருகருகே வந்தால் சரி.

நம் எடுத்துக்காட்டில் சராசரி 450 பேர். எட்டு நாளுக்கு 3,600. கமிட்டி சொல்லும் ஐயாயிரம் முழுப் பொய்யும் அல்ல. ஆனால் இது 3,600 வெவ்வேறு ஆட்கள் அல்ல, அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதும் சேர்ந்தது. இதைப் பிரிக்க, கூட்டத்தில் ஐம்பது பேரிடம் நான்கே கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் வந்தீர்கள் அல்லது வருவீர்கள், உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர், வீட்டில் இப்போது எந்தத் தூள், எந்தக் கடையில் வாங்குகிறீர்கள். ஒரே இடத்தில் ஐம்பது பேரைப் பிடிக்காதீர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே ஹட்டிக்காரர்களாக இருப்பார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால், மேட்டில், வண்டிகள் நிற்கும் பக்கம் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒருவர் சராசரியாக நான்கு நாள் வருகிறார் என்றால் வெவ்வேறு ஆட்கள் 900. வீட்டுக்குச் சராசரி 1.8 பேர் என்றால் 500 வீடு. அந்த ஐம்பது பேரில் பத்துப் பேர் ஏற்கெனவே உங்கள் தூளை வாங்குகிறார்கள் என்றால், 500-இல் 100 வீடு உங்களுடையதே. அங்கே புதிதாகக் கிடைக்க ஒன்றுமில்லை. மிச்சம் 400 வீடு.

இந்த 400-இல் கால்வாசி, அதாவது 100 வீடு ஒரு பாக்கெட் வாங்கிப் பார்க்கிறது என்று தாராளமாகவே வைப்போம். அதில் மூன்றில் ஒரு வீடு, 33 வீடு, அப்படியே தொடர்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு டீ என்றால் நாளுக்கு 20 கிராம். மாதத்துக்கு 600 கிராம். வெளியே குடிப்பதைக் கழித்து மாதம் இரண்டு பாக்கெட் என்று கொள்ளலாம். ஒரு வீடு ஒரு வருடம் தொடர்ந்தால் 24 பாக்கெட், 384 ரூபாய். 33 வீட்டுக்கு 12,672. ஒரு முறை மட்டும் வாங்கிய 67 வீட்டால் 1,072. கூப்பன் தள்ளுபடி போக, மொத்தம் 13,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

66,500 போட்டு 13,000. கூட்டத்தை மட்டும் நம்பி 40,000 கொடுத்தால் இதுதான் கதை. அனுமானங்களை இரட்டிப்பாக்கினாலும், 66 வீடு தொடர்ந்தாலும், பாதிகூட எட்டாது. இந்த ஒரு பக்கக் கணக்கைப் போட்டுவிட்டால் பெரும்பாலான அழைப்புகளுக்கு விடை கிடைத்துவிடும்.

பணம் திரும்பக்கூடிய ஒரே வழி: அலமாரி

அப்படியானால் உள்ளூர்ப் போட்டிக்குக் கொடுப்பதே வீணா? அப்படியில்லை. வேறு ஒரு வாசல் இருக்கிறது. 16 அணி என்றால் 16 ஹட்டி. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மளிகைக்கடை. இவற்றில் நீங்கள் இன்னும் நுழையாத கடைகள் இருக்கும். புதுத் தூளை எடுத்துவைக்கச் சொன்னால் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்றே: "யாரும் கேட்கறதில்லையே." போட்டி நடக்கும் நான்கு வாரமும் நாலு பேர் வந்து கேட்பார்கள். மாமன் மச்சான் அணியில் ஆடுகிறார்கள், பேனரில் உங்கள் பெயர் இருக்கிறது, கூப்பனில் அந்தக் கடையின் பெயரே இருக்கிறது. அலமாரியில் இடம் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒரு முறை அலமாரியில் ஏறிவிட்டால் மைதானத்துக்கே வராத வீட்டுப் பெண்ணும் அதைப் பார்ப்பார். முன்னால் சொன்ன இடைவெளி அங்கேதான் அடைபடுகிறது.

ஆகவே வரவைக் கடைக்கணக்கில் போடுங்கள். ஒரு புதுக்கடை மாதம் 20 பாக்கெட் விற்றால் உங்கள் கையில் 320 ரூபாய் நிற்கும். 66,500-ஐ அடைக்க 208 கடை-மாதம் வேண்டும். அதாவது 17, 18 புதுக்கடைகள் ஒரு வருடம் முழுக்க ஓட வேண்டும். அந்த 16 ஹட்டியில் நீங்கள் நுழையாத கடையே இருபதுதான் என்றால் இது நடக்காது.

வீட்டுக்கணக்கில் வந்த 13,000-ஐயும் கடைக்கணக்கையும் கூட்டிவிடாதீர்கள். அந்த 33 வீடும் இதே கடைகளில்தான் வாங்கப் போகிறது. ஒரே பாக்கெட்டை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

குறைத்துப் பேசுவது

கமிட்டியிடம் "முடியாது" என்பதற்குப் பதில் வேறொரு கணக்கை வையுங்கள். துணை ஸ்பான்சர் வேண்டாம். போட்டியின் ஒரே டீ ஸ்பான்சர் என்ற இடம் போதும், அதற்கு 12,000. டீ ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரையிறுதி நாளிலும் மட்டும், ஐந்து நாள். அப்போது டீ செலவு 12,500 ஆகிறது, இரண்டு பேனர் 2,500, கூப்பன் 1,500. மொத்தம் 28,500. இதை 320-ஆல் வகுத்தால் 89 கடை-மாதம். எட்டுப் புதுக்கடை ஒரு வருடம் ஓடினால் 30,720 வருகிறது. இருபதில் எட்டு, எட்டக்கூடிய எண்.

பேனரில் பெயரின் அளவைப் பற்றி அதிகம் வாதாட வேண்டாம். மலையில் மாலை நான்கு மணிக்கு மேல் மஞ்சு இறங்கினால் எதிர்ப்பக்க பேனர் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு ஸ்பான்சர் பெயர் ஒரே பேனரில் இருந்தால் வெயிலிலும் யாரும் படிக்க மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டியவை வேறு. மைதானத்தில் வேறு எந்த டீத்தூளும் பேனரோ கடையோ போடக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மைக்கில் நான்கு முறை அறிவிப்பு, அதிலும் இரண்டு படுகு மொழியில். "இந்தத் தூள் எந்தெந்தக் கடையில் கிடைக்கும்" என்று கடைப் பெயரோடு. 16 அணிகளின் மேலாளர்களையும் அவரவர் ஊர்க் கடைக்காரரிடம் உங்கள் ஆளை அறிமுகப்படுத்தச் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதுதான் உண்மையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது.

ஒரே ஒரு அணிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பது மலிவாகத் தெரியும். ஆனால் அந்த அணியிடம் தோற்ற ஊர்க் கடையில் உங்கள் பாக்கெட்டுக்கு இடம் கேட்கப் போகும்போது சங்கடம். கடை பிடிப்பதுதான் நோக்கம் என்றால் போட்டிக்குக் கொடுங்கள், அணிக்குக் கொடுக்காதீர்கள்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தன்று 4,000, முதல் நாள் பேனர் கட்டியதைப் பார்த்தபின் 4,000, இறுதி ஆட்டம் முடிந்தபின் 4,000. மழையாலோ வேறு காரணத்தாலோ போட்டி நின்றுபோனால் நடந்த நாட்களுக்கு ஏற்பத்தான் மிச்சத் தொகை என்றும் எழுதுங்கள். தள்ளிப்போய் ஜூனில் நடந்தால் மழையில் நனைய யாரும் மைதானத்துக்கு வர மாட்டார்கள். ஆகவே எந்தத் தேதிக்குள் நடக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

அதே பணத்தை வேறு எப்படிச் செலவழிக்கலாம்?

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஒரு விற்பனை ஆளை ஒரு மாதம் பைக்கில் அனுப்பினால் சம்பளம் 18,000, பெட்ரோல் 4,000, ஆக 22,000. அவர் அதே இருபது கடைக்கு வாரம் ஒரு முறை வீதம் நான்கு முறை போய் ஆறு கடை பிடிக்கிறார் என்றால் ஒரு கடைக்கு ஆன செலவு 3,670 ரூபாய் அளவில். போட்டி வழியாக 28,500-க்கு எட்டுக் கடை என்றால் ஒரு கடைக்கு 3,560. கிட்டத்தட்டச் சமம். அப்போது முடிவை ஓட்டுவது, எந்த வழியில் பிடித்த கடை நிலைக்கிறது என்பது. விற்பனை ஆள் கெஞ்சி வைத்த சரக்கு தூசி படிந்து கிடப்பதும் உண்டு. போட்டியில் கேட்டுப் பழகியவர்கள் இருக்கும் ஊரில் அது நகரும். 40,000 கேட்ட முதல் ஏற்பாட்டில், பத்துக் கடை பிடித்திருந்தாலும் ஒரு கடைக்கு 6,650 ஆகியிருக்கும். அதற்கு விற்பனை ஆளே மேல்.

விற்றது போட்டியால்தானா என்று தெரிந்துகொள்வது

போட்டி முடிந்தபின் விற்பனை ஏறும். அது போட்டியால் ஏறியதா, வேறு எதாலா? நீலகிரியில் இது எளிதில் குழம்பும். மார்கழி, தையில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூரில் இருக்கும் படுகர் குடும்பங்கள் ஊருக்கு வரும், எல்லாக் கடையிலும் டீத்தூள் கூடுதலாகப் போகும். தேயிலை பாக்டரியில் விவசாயிகளுக்கு இலைப் பணம் பட்டுவாடா ஆகும் வாரத்தில் மளிகைக்கடை தனியாகவே சூடுபிடிக்கும். இலை விலை சரிந்த மாதத்தில் எல்லாம் இறங்கும்.

ஆகவே ஒப்பிட ஓர் இடம் வேண்டும். போட்டி நடக்கும் பகுதியில் ஏற்கெனவே உங்கள் சரக்கு விற்கும் பத்துக் கடை. போட்டியோடு தொடர்பில்லாத குன்னூர்ப் பக்க ஹட்டிகளில் அதே அளவுள்ள பத்துக் கடை. போட்டிக்கு முன் எட்டு வாரம், பின் எட்டு வாரம், கடைவாரியாக எத்தனை பாக்கெட் போனது என்பதை லைன் வண்டிப் பில்லிலிருந்து எடுத்து எழுதுங்கள். ஒப்பிடும் கடைகளும் ஹட்டிக் கடைகளாக இருக்கட்டும். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக் கடையை எடுத்தால் சீசன் கூட்டம் கணக்கைக் கெடுத்துவிடும்.

போட்டிப் பக்கத்தில் வாரம் 140 பாக்கெட்டாக இருந்தது 168 ஆனது என்றால் 20 சதவீத ஏற்றம். குன்னூர்ப் பக்கம் 150-இலிருந்து 159 ஆனால் 6 சதவீதம். அது போட்டி இல்லாமலே வந்த ஏற்றம். போட்டிக்குச் சேர வேண்டியது மிச்சம் 14 சதவீதம், வாரம் 20 பாக்கெட் அளவில், 320 ரூபாய். எட்டு வாரத்துக்கு 2,560. இது பழைய கடைகளின் கணக்கு. புதுக்கடைகளின் வரவோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம், கடைகள் வேறு வேறு என்பதால். பின் எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரத்தைத் தனியாகப் பாருங்கள். அப்போது மட்டும் ஏறி மறுபடி பழைய எண்ணுக்கே வந்துவிட்டால், ஜனங்கள் கூப்பனுக்காக வாங்கினார்கள், சுவைக்காக வாங்கவில்லை.

கூப்பனில் ஐந்து ரூபாய் தள்ளுபடி, அதில் அந்த ஊர்க் கடையின் பெயர், முடியும் தேதி. கடைக்காரருக்கு ஐந்து ரூபாயை அடுத்த லைனிலேயே கழித்துக் கொடுங்கள். ஒரு மாதம் இழுத்தால் அவர் கூப்பனையே வாங்க மாட்டார். திரும்பி வரும் கூப்பன்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். சட்டைப்பையில் இருந்தது மடிந்து, ஓரம் கசங்கி, சிலது டீக்கறையோடு வரும். முப்பது கூப்பன் மடிப்பே இல்லாமல், அச்சகத்திலிருந்து வந்த கட்டு மாதிரி வந்தால் அது யார் கைக்கும் போகாமல் நேரே கடைக்கு வந்தது என்று அர்த்தம். அந்தக் கடைக்கு நீங்கள் போட்ட பாக்கெட்டைவிடக் கூப்பன் அதிகமாக வந்தாலும் அதேதான். சண்டை போட வேண்டாம். அந்தக் கடையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அடுத்த முறை கூப்பன்களை மைதானத்தில் டீ கொடுக்கும் ஆள் கையால் மட்டும் கொடுக்கச் செய்யுங்கள்.

புதுக்கடையை எப்போது "பிடித்த கடை" என்று எண்ணலாம்? முதல் சரக்கு உங்கள் முகத்துக்காக எடுத்தது. இரண்டாவது, கூப்பனால் தீர்ந்ததால் எடுத்தது. மூன்றாவது முறை கடைக்காரர் தானே கேட்டு எடுத்தால்தான் அது கடை. அதுவரை நோட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

நன்கொடை வேறு கணக்கு

கோயில் திருவிழா, ஊர்ப் பள்ளி விளையாட்டு விழா, நண்பர் நடத்தும் போட்டி என்று சிலவற்றுக்கு லாபம் பார்க்காமல் கொடுக்கத்தான் வேண்டும். ஊருக்குள் தொழில் செய்பவர் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் அதை விளம்பரச் செலவில் எழுதாதீர்கள். வருடத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள், 15,000 என்று வைத்துக்கொள்வோம். கேட்டு வருபவர்களுக்கு அதிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். "பேர் வரும்" என்று சொல்லி நன்கொடையை ஸ்பான்சராக்கும்போதுதான் ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டியது நாற்பதாயிரம் ஆகிறது.

அடுத்த வருடம் கமிட்டி மறுபடி வரும்போது

போட்டி முடிந்து எட்டாவது வாரத்தில் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதி அதே கோப்பில் வையுங்கள்: மொத்தம் ஆன செலவு, மூன்றாவது சரக்கு எடுத்த புதுக்கடைகள், அவற்றின் மாதச் சராசரி பாக்கெட், பழைய கடைகளில் ஒப்பீடு கழித்த ஏற்றம். ஆறாவது மாதத்தில் அந்தப் புதுக்கடைகளில் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று ஒரு வரி சேருங்கள். எட்டில் ஆறு ஓடினால் அதே 12,000-க்கு மறுபடி ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே ஹட்டிகளில் இனிப் பிடிக்கக் கடை எத்தனை மிச்சம் என்பதைப் பாருங்கள்; இருபதில் எட்டு எடுத்தாயிற்று, மிச்சம் இருக்கும் பன்னிரண்டு கடினமானவை. இரண்டாவது வருடம் அதே பணத்துக்கு நான்கு கடைதான் கிடைக்கும் என்று தோன்றினால், அந்தப் பணத்தை நீங்கள் இன்னும் நுழையாத மஞ்சூர்ப் பக்கத்துப் போட்டிக்கு எடுத்துப் போங்கள். இந்தக் கமிட்டிக்கு நன்கொடைக் கணக்கிலிருந்து இரண்டாயிரமும், வீரர்களுக்கு இரண்டு கிலோ தூளும் கொடுங்கள்.